பணியிலிருந்து விடுவிக்கக் கோருதல்

என் தங்கச்சி ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். வேலைக்குச் சேர்ந்து இது நடந்தபோது பத்து மாதம் பதினோரு நாள். முதல் வருடம் முழுக்கத் தகுதிகாண் பருவம். அது முடிந்ததும் மேனேஜர் ஒரு அறிக்கை எழுதுவார், அதற்குப் பிறகுதான் வேலை நிரந்தரம். இந்தப் பத்து மாதமாக நான் எங்கள் வீட்டுக் காலண்டரில் ஒவ்வொரு நாளாக அடித்துக்கொண்டு வந்தேன். அவள் அடிக்கவில்லை. அவளுக்கு அந்தப் பதற்றம் எல்லாம் கிடையாது. பரீட்சைக்குப் போகும் வழியில் பஸ்ஸில் தூங்கிப் போய், எழுப்பிவிட்டால் கொட்டாவி விட்டுக்கொண்டே போய் முதல் மார்க் வாங்கி வந்த கழுதை அவள்.

நான் பத்தாவதோடு நின்றவள். ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். ஒரு கம்ப்யூட்டர், இரண்டு மிஷின், ஒன்று எப்போதும் ரிப்பேர். லீவு லெட்டர், விண்ணப்பம், புகார், மன்னிப்பு, ராஜினாமா என்று மனிதர்கள் மேலதிகாரிக்கு எழுதக்கூடிய எல்லாமும் என் கம்ப்யூட்டரில் மாதிரியாக இருக்கின்றன. பெயரையும் தேதியையும் மாற்றினால் போதும். பன்னிரண்டு வருடத்தில் என் கடையிலிருந்து ஓர் எழுத்துப்பிழை வெளியே போனதில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் நடந்தது எழுத்துப்பிழை இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

அவளுடைய மேனேஜருக்கு லேபில் 'சின்ன உதவி' என்று பெயர். எதைக் கேட்டாலும் "ஒரு சின்ன உதவி" என்றுதான் ஆரம்பிப்பாராம். ஞாயிற்றுக்கிழமை டியூட்டிக்கு வருவதும் சின்ன உதவி, அவருடைய மகளின் பள்ளிக்கூடப் படத்துக்குக் கலர் அடிப்பதும் சின்ன உதவி.

அந்தத் திங்கட்கிழமை அவர் இவளுடைய மேஜைக்கு வந்தார். இவள் டியூப்களைச் சுழற்றும் மிஷினில் எதிரெதிராகச் சமமாக அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு சின்ன உதவிம்மா. வெள்ளிக்கிழமை இண்டர்வியூ. ஷிப்டு இன்சார்ஜ் போஸ்ட். நீங்க தேர்வுக் குழுவுல இருக்கணும்."

"நானா சார்?"

"மூணு பேர் வேணும். நான் ஒண்ணு, ஹெச்.ஆர். ஒண்ணு. மூணாவதா ஒரு பெண் கட்டாயம் இருக்கணும்னு ரூல். லேப் டாக்டரம்மா ஆபரேஷன் ஆகி லீவுல இருக்காங்க. இன்னொரு பொண்ணு, அவ சித்தப்பா பையன் அப்ளை பண்ணியிருக்கான்னு நழுவிட்டா. பாக்கி நீங்கதான்."

"நான் என்ன சார் கேக்கறது?"

"நீங்க ஒண்ணும் கேக்க வேண்டாம். சும்மா உட்கார்ந்தா போதும். மார்க் ஷீட்டை நானே நிரப்பித் தரேன், நீங்க கையெழுத்து மட்டும்."

ஷிப்டு இன்சார்ஜ் என்றால் இவளுக்கு நேர் மேலே இருக்கிறவர். அதாவது, வேலைக்குச் சேர்ந்து பத்தே மாதம் ஆன ஒருத்தி, தன்னை நாளை முதல் அதட்டப்போகிற ஆளுக்கு இன்று மார்க் போட வேண்டும்.

சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழற்றியபடியே இதைச் சொன்னாள். அம்மா பாதி வரைதான் கேட்டாள். "என் பொண்ணு ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கப் போறாளாம்!" என்று மாடிப்படியில் நின்று ஒரு சத்தம். எங்கள் கட்டடத்தில் நான்கு மாடி. நான்கு மாடிக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

ஆறு மணிக்குக் கீழ்வீட்டு அக்கா ஒரு கவரோடு வந்தாள். உள்ளே அவளுடைய கொழுந்தன் மகனின் சான்றிதழ்கள்.

"தம்பி ரொம்ப நல்ல பையன். கொஞ்சம் பார்த்துச் சொல்லும்மா."

"என்ன படிச்சிருக்கார்?" என்றாள் தங்கச்சி.

"டிரைவிங்."

"அக்கா, இது ரத்தம் சோதிக்கிற வேலை."

"ஆம்புலன்ஸ் ஓட்டும்போது ரத்தத்தைப் பார்க்காமலா இருப்பான்?"

நானும் அப்போது அம்மா கட்சிதான். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பேனாவை மூடித் திறந்து, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று என் தங்கச்சி நாலு பேரைக் கேட்பதை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். எந்த உடுப்பு என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டேன்.

"நான் உட்காரப் போறதில்லை" என்றாள் அவள்.

"ஏண்டி? தேடி வர்ற மரியாதையை யாராவது எட்டி உதைப்பாங்களா?"

"மரியாதையா? ஊசி அண்ணனும் அப்ளை பண்ணியிருக்கார்."

ஊசி அண்ணன் அவளோடு வேலை பார்க்கும் சீனியர். ஒன்பது வருட சர்வீஸ். எந்தக் கையில் நரம்பு ஒளிந்துகொண்டாலும் முதல் குத்தில் பிடித்துவிடுவார் என்பதால் அந்தப் பெயர். இவளுக்கு ஊசி பிடிக்கச் சொல்லித் தந்தவரும் அவர்தான். காலையில் நோயாளிகளின் சாம்பிளை வைப்பதற்கு முன்பு, மிஷின் சரியாகக் காட்டுகிறதா என்று ஏற்கெனவே அளவு தெரிந்த ஒரு சாம்பிளை ஓட்டிப் பார்ப்பார்கள். இவள் ஓட்டிய அந்தத் தாளில் தினமும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அவர்.

"தினம் காலையில என் வேலைக்கு அவர் கையெழுத்து. வெள்ளிக்கிழமை அவருக்கு நான் கையெழுத்து. அவருக்குக் கிடைச்சா, நான் போட்ட மார்க்குன்னு அவர் எனக்குக் கடன்பட்ட மாதிரி. கிடைக்கலைன்னா, சாகற வரைக்கும் பக்கத்து மேஜையில உட்கார்ந்து என் மூஞ்சியைப் பார்ப்பார். வெளியில இருந்து வேற யாராவது வந்தாங்கன்னா, அவங்க எவ்வளவு சம்பளம் கேட்டாங்க, எந்தக் கேள்விக்கு முழிச்சாங்கன்னு எல்லாம் எனக்குத் தெரியும். அப்புறம் அவங்க என்னை எப்படி அதட்டுவாங்க?"

"அதட்டாம இருந்தா நல்லதுதானே?"

"மருமக போய் மாமியாருக்கு இண்டர்வியூ வைக்கிற கதை அக்கா இது. கேக்க நல்லாத்தான் இருக்கும். குடித்தனம் நடக்காது."

அம்மாவுக்கு அது மட்டும் உடனே புரிந்துவிட்டது.

எனக்கு வேறு பயம். அறிக்கை எழுதப் போகிறவர் சின்ன உதவி. அதற்கு இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. "முடியாதுன்னா கோபப்பட மாட்டாரா?" என்றேன்.

"படுவார். அதனாலதான் வாயால சொல்லாம எழுத்துல குடுக்கணும். மரியாதையா. அது உன் டிபார்ட்மெண்ட்தானே?"

பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக என் தொழில் அவளுக்குத் தேவைப்பட்டது. ஆறரை மணிக்குக் கடையைத் திரும்பத் திறந்து கம்ப்யூட்டரைப் போட்டேன்.

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினேன். 'பொருள்: ஷிப்டு இன்சார்ஜ் பதவிக்கான தேர்வுக் குழு உறுப்பினர் பொறுப்பிலிருந்து விடுவிக்கக் கோருதல்.' அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

"இது ஹெச்.ஆர். ட்ரேயில திறந்து கிடக்கும். போறவன் வர்றவன் எல்லாம் படிப்பான். யார் குழுவுல இருக்காங்கன்னு வெளியில தெரியக்கூடாதுக்கா. போஸ்ட் பேரு, குழு, தேர்வு எதுவும் வேண்டாம். அவருக்குப் புரியும்."

நியாயமான பேச்சு. சொன்னதைச் சொன்னபடி செய்வதுதான் என் வழக்கம். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடி எடுத்தேன். பதவி போயிற்று. தேர்வு போயிற்று. குழு போயிற்று. பொறுப்பு என்பது தனியாக நின்று விழித்தது. அதை எடுத்துவிட்டு 'பணி' என்று போட்டேன். அடக்கமாக இருக்கட்டும் என்று மாதிரிக் கடிதங்களிலிருந்து இரண்டு வரி சேர்த்தேன். கடைசியில் நின்றது இது:

'பொருள்: பணியிலிருந்து விடுவிக்கக் கோருதல்.

ஐயா, தாங்கள் என்மீது நம்பிக்கை வைத்து வழங்கிய இப்பணிக்குப் போதிய தகுதியும் அனுபவமும் எனக்கு இல்லை என்பதை உணர்ந்து, என்னை இதிலிருந்து விடுவிக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். இதனால் நிர்வாகத்துக்கு ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறேன்.'

மூன்று முறை படித்தேன். ஒற்று மிகும் இடம், மிகாத இடம் எல்லாம் பார்த்தேன். அவளும் படித்தாள். கையில் பிஸ்கட், வாயில் பிஸ்கட். "அடேங்கப்பா, அழகா எழுதறியேக்கா" என்றாள். எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் அந்த நிமிடம் குழுவைத் தவிர வேறு எதுவும் இல்லை. அதனால் அந்தத் தாளிலும் குழு இருப்பதாகவே தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை காலை கடிதத்தை ஹெச்.ஆர். அறையில் கொடுத்தாள். மேனேஜர் அன்று வெளியே ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார்.

ஹெச்.ஆர். அதிகாரிக்கு 'ஸ்டேப்ளர்' என்று பெயர். கைக்கு வருகிற எந்தக் காகிதத்தையும் இன்னொரு காகிதத்தோடு சேர்த்து ஒரு அடி அடிக்காமல் விடமாட்டார். புதன்கிழமை பதினோரு மணிக்கு இவளைக் கூப்பிட்டார். இவள் கையுறையைக் கழற்றிவிட்டுப் போனாள்.

"உட்காருங்கம்மா. வேற இடத்துல கிடைச்சுடுச்சா?"

"எது சார்?"

"சொல்ல இஷ்டம் இல்லைன்னா வேண்டாம். தகுதிகாண் பருவம்கறதால பதினைஞ்சு நாள் நோட்டீஸ் போதும். இந்த ஃபாரத்தை நிரப்பிக் குடுங்க. லைப்ரரி, ஸ்டோர், கேன்டீன், எல்லா இடத்துலயும் பாக்கி இல்லைன்னு கையெழுத்து வாங்கணும். அடையாள அட்டை கடைசி நாள் தந்தா போதும்."

என் கடிதத்தின் மேல் 'பெறப்பட்டது' முத்திரை. அதன் கீழே உள்வரவு எண். அதற்குப் பின்னால் அந்த ஃபாரம், ஸ்டேப்ளர் அடித்தபடி.

தங்கச்சி கடிதத்தை எடுத்து, முதல் தடவையாக, யாரோ ஒருத்தி எழுதியது போலப் படித்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகப் பின்னால் சாய்ந்துகொண்டாளாம்.

"சார், நான் வேலையை விடலை. குழுவை விட்டேன்."

"இதுல குழு எங்க இருக்கு?"

"எங்க அக்கா எடுத்துட்டா."

அவர் கடிதத்தைத் திருப்பி முதுகுப்பக்கமும் பார்த்தார். "நானும் யோசிச்சேன்மா. தனக்குத் தகுதி இல்லைன்னு தானே உணர்ந்து வேலையை விடற ஆளை இருபத்திரெண்டு வருஷத்துல நான் பார்த்ததே இல்லை. ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கலாமான்னு கூட நினைச்சேன்."

அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். அவருக்கு முதலில் அதிர்ச்சி. "ஒரு சின்ன உதவி கேட்டதுக்கு வேலையையே விடறதா?" என்றார். விஷயம் புரிந்ததும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியதை இவள் கவனித்துவிட்டாள். சந்தையில் தராசைப் பார்க்கிறவன் முகம்.

"சரி, ஒண்ணும் பிரச்னை இல்லை. வெள்ளிக்கிழமை குழுவுல வந்து உட்காருங்க. இந்த லெட்டர் வந்ததே எனக்குத் தெரியாது. கிழிச்சுடலாம்."

"உள்வரவு எண் போட்டாச்சு சார்" என்றார் ஸ்டேப்ளர்.

"ஒரு நம்பர்தானே."

"நம்பர் ஒண்ணுதான். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நம்பர் இருக்கு."

மேனேஜர் இவளைப் பார்த்தார். "அப்போ நான் இதை ஏத்துக்கிட்டேன்னு எழுதினா என்ன ஆகும் தெரியுமா? நான் எழுத மாட்டேன். உதாரணத்துக்குச் சொன்னேன்."

இதைத்தான் தராசு என்றேன். ஒரு தட்டில் என் தங்கச்சியின் வேலை, இன்னொரு தட்டில் ஒரு நாற்காலி, ஒரு கையெழுத்து. யோசிக்க அரை மணி நேரம் அவகாசம் கேட்டுவிட்டு வெளியே வந்து, மாடிப்படிக்கு அடியில் நின்று எனக்குப் போன் செய்தாள்.

"அக்கா, நீ எழுதினது ராஜினாமா."

நான் முதலில் சிரித்தேன். பிறகு கடையிலிருந்த நகலை எடுத்துப் பார்த்தேன். எதிரே ஒருவர் இருபது பக்கம் ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார், மிஷினில் அவருடைய முதல் பக்கமே இருபது தடவை வந்து விழுந்தது.

"நான் இப்பவே கிளம்பி வரேன். அவர்கிட்ட நான்தான் எழுதினேன்னு சொல்றேன்."

"தாயே, நீ வராதே. வந்தா என் பென்ஷனையும் முடிச்சுக் குடுத்துட்டுப் போயிடுவே."

"அப்போ பேசாம உட்கார்ந்துடுடி. ஒரு நாள் கூத்து. யார் பார்க்கப் போறாங்க? வேலை முக்கியம்."

இதை நான்தான் சொன்னேன். மறைத்து எழுத இஷ்டமில்லை. அடித்துக்கொண்டு வந்த காலண்டர் என் கண் முன்னால் நின்றது.

அவள் சொன்னாள்: "அக்கா, எங்க லேபுல சாம்பிளைத் திருப்பி அனுப்பும்போது காரணம் எழுதணும். ரத்தம் கட்டிப் போயிருந்தா கட்டின்னு எழுதுவோம். டியூபுல ஒரு பேரு, சீட்டுல ஒரு பேரு இருந்தா, பேரு பொருந்தலைன்னு எழுதுவோம். ரெண்டும் ஒண்ணு இல்லை. பேரு பொருந்தலைன்னா ரத்தத்து மேல ஒரு குத்தமும் இல்லை, வந்து சேர்ந்த இடம்தான் தப்பு. நீ என்னைக் கட்டின்னு எழுதிட்டே. நான் போய்ப் பேரு பொருந்தலைன்னு எழுதறேன்."

"அவர் ஏத்துக்கலைன்னா?"

"ஏத்துக்கலைன்னா உன் கடைக்கு வரேன். ரிப்பேர் மிஷினை எனக்குக் குடு."

போனை வைத்துவிட்டாள்.

லேபுக்குப் போய், அலமாரியில் டாக்டரம்மா வைத்திருந்த நிர்வாக விதிப் புத்தகத்தை எடுத்தாள். அதற்கு உறை கூடப் பிரிக்கவில்லை. ஆள் எடுக்கும் பகுதி ஐந்து பக்கம்தான். ஐந்தையும் படித்தாள். பிறகு இரண்டு கடிதம், தன் கையால். எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கும். நகலைப் பின்னால் வாங்கி வைத்திருக்கிறேன்.

முதலாவது: 'இந்த எண்ணிட்ட கடிதம் தேர்வுக் குழுவைப் பற்றியது. ராஜினாமா அல்ல. ராஜினாமாவாக எடுத்துக்கொள்ளப்பட்டிருந்தால், ஏற்கப்படுவதற்கு முன்பே அதைத் திரும்பப் பெறுகிறேன். மணி 11.50.'

இரண்டாவது: 'தேர்வுக் குழுவில் என்னால் இருக்க இயலாது. ஒன்று, விண்ணப்பித்தவர்களில் ஒருவர் தினமும் என் வேலையைச் சரிபார்ப்பவர். இரண்டு, விதி ஏழின்படி குழுவில் இருப்பவர், ஆள் எடுக்கும் பதவிக்குச் சமமான நிலையிலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். நான் அதற்குக் கீழே. மூன்று, மார்க்குக்குக் காரணம் கேட்டால் போட்டவர் சொல்ல வேண்டும். நான் போடாத மார்க்குக்கு என்னால் காரணம் சொல்ல முடியாது. குழுவில் வேண்டிய பெண் லேபைச் சேர்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று விதியில் இல்லை. ரத்த வங்கிப் பொறுப்பாளர் பெண், இந்தப் பதவிக்கு ஒரு படி மேலே. வெள்ளிக்கிழமை என்னால் செய்யக்கூடியது: வருகிறவர்களின் சான்றிதழ் நகல்களை எடுத்து அடுக்கித் தருகிறேன்.'

மன்னிப்பும் இல்லை, பணிவும் இல்லை, வருத்தமும் இல்லை. என் மாதிரிக் கடிதங்களில் இப்படி ஒன்று கிடையாது.

பன்னிரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது இரண்டையும் ஸ்டேப்ளரின் மேஜையில் வைத்தாள். மேனேஜரும் அங்கேயே இருந்தார். அவர் இரண்டாவதைத்தான் முதலில் படித்தார்.

"ரத்த வங்கியா? அந்தம்மா கூட நான் உட்கார மாட்டேன்."

இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு ஃபிரிட்ஜ் ரத்த வங்கிக்குச் சொந்தமா, லேபுக்குச் சொந்தமா என்ற விஷயத்தில் இரண்டு பேருக்கும் இரண்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அந்தம்மாவிடம் கேட்காமல் இருக்கத்தான் பத்து மாதக் குழந்தையைத் தேடி வந்திருக்கிறார்.

"உட்கார மாட்டேன்னா அதையும் எழுத்துல குடுங்க சார். காரணத்தோட" என்றார் ஸ்டேப்ளர்.

"ஃபிரிட்ஜுன்னு எழுதவா?"

"எழுதினா நான் இதுக்குப் பின்னாடி அடிச்சு வெச்சுடுவேன்."

மேனேஜர் இவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நான் மார்க் போட்டுத் தரேன்னு சொன்னது உங்களுக்கு உதவியா. அதைப் போய் எழுத்துல போட்டிருக்கீங்களே."

"உங்க பேரைப் போடலை சார். போடாத மார்க்குன்னுதான் போட்டிருக்கேன்."

"அறிக்கை நான்தான் எழுதணும். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார். அதுக்கும் காரணம் எழுதற கட்டம் இருக்கு. நான் படிச்சேன்."



ஸ்டேப்ளர் பழைய கடிதத்திலிருந்து அந்த ஃபாரத்தைப் பிரித்தார். பிரிப்பதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாமே, பல் மாதிரி, அதை வைத்து ஒவ்வொரு பின்னாக நிதானமாகப் பிடுங்கினார். அவர் பிடுங்கி யாரும் பார்த்ததில்லை. பிறகு இரண்டு புதுக் கடிதத்தையும் பழையதன் மேல் வைத்து ஒரே அடி. "போய் வேலையைப் பாருங்கம்மா" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் என்னிடம் பேசவில்லை. அம்மா பரிமாறினாள், சாப்பிட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உனக்கு ஒற்று எங்க மிகும்னு தெரியுது, வேலை எங்க போகும்னு தெரியலை" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கீழ்வீட்டு அக்காவிடம் அந்த டிரைவர் பையனின் கவரைத் திருப்பிக் கொடுக்கும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது.

வெள்ளிக்கிழமை நான்கு பேர் இண்டர்வியூவுக்கு வந்தார்கள். நடைபாதையில் நான்கு நாற்காலி. உள்ளே மேனேஜர், ஸ்டேப்ளர், ரத்த வங்கி அம்மா. இரண்டு வருடம் பேசாதவர்கள் "அடுத்தவரைக் கூப்பிடுங்கள்" என்று ஒருவருக்கொருவர் பேச வேண்டியதாயிற்று. என் தங்கச்சி நகல்களை அடுக்கிக் கொடுத்துவிட்டு, டியூப்களிடம் திரும்பிப் போய்விட்டாள்.

ஊசி அண்ணனுக்குக் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை மதியம் முடிவு வந்தது. லேபில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவர் கையைக் கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். பிறகு டிபன் டப்பாவோடு வந்து இவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.

"உள்ள நீ இருப்பேன்னு நினைச்சேன். சார் சொன்னார்."

"நான் வேண்டாம்னுட்டேண்ணா."

"ஏன்? இருந்திருந்தா எனக்கு ஒரு நல்ல மார்க்காவது விழுந்திருக்கும்."

"விழுந்திருக்காது. போன மாசம் மிஷின்ல ஊத்தற மருந்துல ஒரு பாட்டில் காலாவதியானதை நீங்க கவனிக்கலையே, அதை நான் எழுதியிருப்பேன்."

அவர் டப்பாவைத் திறந்தபடியே அவளைப் பார்த்தாராம். "சனியனே" என்றார். தன் டப்பாவில் பாதியை இவள் மூடியில் வைத்தார். பிறகு இண்டர்வியூவில் கேட்ட கேள்விகள் ஒவ்வொன்றையும் சொல்லி, மேனேஜரை வாய் நிறையத் திட்டினார். அவள் இருந்திருந்தால் அந்தத் திட்டு அவளுக்கும் சேர்ந்துதான் விழுந்திருக்கும். இன்றைக்கும் காலையில் அவள் தாளில் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார்.

ஆறு வாரம் கழித்து அறிக்கை வந்தது. சின்ன உதவி தன் கையாலேயே நிரப்பியிருந்தார். தொழில் திறமை ஐந்துக்கு ஐந்து. நேரம் தவறாமை ஐந்துக்கு ஐந்து. ஒத்துழைப்பு ஐந்துக்கு இரண்டு. காரணம் எழுதும் கட்டத்தில் 'எல்லாவற்றையும் படிக்கிறார்' என்று இருந்தது. கூட்டிப் பார்த்தால் தேறிவிட்டாள். வேலை நிரந்தரம். காலண்டரைச் சுருட்டிப் பரண் மேல் போட்டேன்.

அந்த இண்டர்வியூவில் தேர்வானது வேறு ஊரிலிருந்து வந்த ஒரு பெண். பதினான்கு வருட அனுபவம். வந்த முதல் நாளே என் தங்கச்சி அடுக்கிய டியூப்களைப் பார்த்துவிட்டு, அத்தனையையும் வெளியே எடுத்து மறுபடி முதலிலிருந்து அடுக்க வைத்தாளாம். இரண்டாம் நாள் கையுறை மாற்றாததற்கு எல்லார் முன்னாலும் ஒரு வாங்கு வாங்கினாளாம். மூன்றாம் நாள், இத்தனை காலம் மிஷினில் யாரும் கண்டுபிடிக்காத ஒரு தப்பை இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்து, இவளையே சரிசெய்ய வைத்து, "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனாளாம்.

அன்று வீட்டுக்கு வந்து செருப்பை உதறினாள். ஒன்று சுவரில் போய் அடித்தது.

"எப்படி இருக்கா உங்க புது இன்சார்ஜ்?" என்றேன்.

"ராட்சசி. ஆனா வேலை தெரிஞ்ச ராட்சசி" என்றாள். சோபாவில் விழுந்து காலை நீட்டிக்கொண்டாள். "நல்ல வேளை நான் குழுவுல உட்காரலை. அந்த மூஞ்சியைப் பார்த்ததுமே பத்துக்கு ரெண்டு போட்டிருப்பேன்."